மூன்று தாடி, ஒரு தாடை

முத்தையாபுரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டு நான் நடத்தும் சலூனுக்கு அந்த ஆள் முதன்முதலாக வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. கடைக்குள் வந்த பிறகும் முகக் கவசத்தைக் கழற்றவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். ஏற்றுமதி யார்டுகளில் வேலை பார்ப்பவர்கள் போடும் கனமான ஷூ. நாற்காலியில் உட்கார்ந்ததும் செல்போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினான்.

"அண்ணாச்சி, இதே மாதிரி வைக்கணும். ஒரு முடி கூடக் குறைய இருக்கக்கூடாது."

போட்டோவில் இருந்தவனுக்கு நல்ல சதுரத் தாடை. காதுக்குக் கீழே எலும்பு முனை எடுப்பாகத் தெரிந்தது. கன்னம் சுத்தமாகச் சிரைத்து, மோவாயில் மட்டும் குறுந்தாடி. பையன்கள் இதைக் 'கோட்டீ' என்பார்கள். எங்கள் ஊரில் கோட்டி என்றால் பைத்தியம். கோட்டீ வைக்கச் சொல்லி யாராவது கேட்டால் காத்திருக்கிறவர்கள் சிரிப்பது வழக்கம். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அப்போதுதான் அவன் முகக் கவசத்தைக் கழற்றினான்.

அவன் தாடை கோணியிருந்தது. மோவாய் மூக்குக்கு நேரே இல்லாமல் இடது பக்கம் அரை விரல் தள்ளி நின்றது. இடது தாடை உள்ளே ஒடுங்கி, அதன் ஓரத்தில் ஒரு தழும்பு ஓடியது. தழும்பில் முடி இல்லை. மூன்று நாள் தாடி அதன் இரண்டு பக்கமும் கறுத்திருந்தது.

"போட்டோல இருக்கது யாரு?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஆளு."

போட்டோவின் கீழ்ப்பக்கத்தை அவன் கட்டைவிரல் மறைத்துக்கொண்டே இருந்தது. ஏதோ எழுத்து இருப்பது மட்டும் விரலின் ஓரத்தில் தெரிந்தது.

இருபது வருஷமாக முகம் பார்க்கிற எனக்கு, எந்தத் தாடைக்கு எது பொருந்தும் என்று கண்ணாடியில் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். உருண்டை முகத்துக்குக் குறுந்தாடியைச் சற்று நீளமாக விட்டால் முகம் நீண்டு தெரியும். சதுரத் தாடைக்கும் குறுந்தாடி நல்லது, பார்வை மூலைகளை விட்டு நடுவுக்கு வரும். ஆனால் மோவாயே நடுவில் இல்லாதவனுக்குக் குறுந்தாடி வைப்பது, கோணலுக்கு மேல் மை வைத்துக் காட்டுவது போல. அதை அவனிடம் பக்குவமாகச் சொன்னேன்.

"பரவால்ல. வைங்க."

வைத்தேன். மோவாய் எலும்பை ஒட்டி வைத்ததும் தாடி இடது பக்கம் ஓடியது. அவன் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வலது பக்கம் தள்ளி வாங்க. உதட்டுக்கு நேரா இருக்கணும்" என்றான். இடது ஓரத்தைக் கழித்து வலது பக்கம் மிச்சம் விட்டேன். நேராகப் பார்த்தால் தாடி நடுவில் இருந்தது, மோவாய் தாடியை விட்டு வெளியே நின்றது. அவன் ஒரு செல்பி எடுத்து அந்தப் போட்டோவோடு மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு கேட்டான்:

"அண்ணாச்சி, தூரத்துல இருந்து பாத்தா நான் இவன மாதிரி இருக்கேனா?"

தாடி எனக்கு அழகாக இருக்கிறதா என்று கேட்பவர்களைத்தான் எனக்குத் தெரியும். இன்னொருவன் மாதிரி இருக்கிறேனா என்று கேட்டவன் இவன் ஒருவன்தான்.

"ஏன் கேக்கீக?"

"சும்மாதான்" என்று முகக் கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க என் மனசு சரியாக இல்லை. பக்கத்து யார்டு ஒன்றில் செம்புக் கேபிள் திருட்டுப் போனதாகக் கடையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். உள்ளே இருக்கிற யாரோ தன் போட்டோ ஒட்டிய கேட் பாஸைக் கொடுத்துத்தான் வெளியாள் நுழைந்திருக்கிறான் என்றார்கள். கேட்கக் கேட்க அந்தத் தழும்பும் கட்டைவிரலும் என் கண்முன் வந்து நின்றன.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தான். இந்த முறை கன்னம் முழுக்க முள்ளு முள்ளாக முடி வளர்ந்திருந்தது.

"காதுல இருந்து காது வரைக்கும் தாடை ஓரமா பட்டையா ஒண்ணு வைப்பாங்கள்லா, அது வேணும். தாடை அகலமா, சதுரமாத் தெரியணும்."

"சின் ஸ்ட்ராப்பா?"

"அதான். இடது பக்கம் எலும்ப விட்டுக் கொஞ்சம் கீழ இறக்கிப் போடுங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணு போல வரும்லா."

யோசித்து வந்திருக்கிறான் என்று தெரிந்தது. அந்தப் பட்டை, தாடை எலும்பு தெளிவாக இருக்கிறவனுக்குத்தான் எடுப்பாக இருக்கும். எலும்பு எப்படிப் போகிறதோ அப்படியே அதைக் கோடு போட்டுக் காட்டும். கழுத்துச் சதையில் கோட்டை இறக்கினால், தலையைத் திருப்பிய உடனே கோடு வேறு, தாடை வேறு என்று காட்டிக்கொடுத்துவிடும். சொன்னதைக் கேட்கவில்லை. ட்ரிம்மரால் ஒரு விரல் அகலம் விட்டு, கத்தியால் மேலும் கீழும் இழுத்தேன். தழும்பு வந்த இடத்தில் பட்டை அறுந்து போனது. அங்கே மை தீட்ட முடியுமா என்று கேட்டான்.

"எதுக்குங்க இவ்வளவு பாடு?" என்று நான் கேட்டபோது அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். கோபமா பயமா என்று எனக்குப் புரியவில்லை.

"வேலைக்குப் போணும், அவ்வளவுதான்" என்றான்.

அன்று மாலை, வாரம் ஒருமுறை சிரைக்க வரும் யார்டு வாட்ச்மேன் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவர் முகத்துக்கு சோப்பு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தழும்பு, போட்டோ, தூரத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று கேட்டது, மை.

அவர் சோப்பு முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோணத் தாடையா? எங்க கேட்டுக்குத்தான் வாரான். பாஸ் போட்டோக்கும் மூஞ்சிக்கும் சேரலையேன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு தரம் சிப்ட் மாறுற நெரிசல்ல உள்ள போயிட்டான். நாளைக்கு வரட்டும்."

எனக்குப் பெரிய காரியம் செய்துவிட்டது போல் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பெண் என் கடைக்குள் வந்தாள். ஆண்கள் சலூனுக்குள் பெண்கள் வருவதில்லை. காத்திருந்த இரண்டு பேரும் பேப்பரை மடித்துவிட்டுப் பார்த்தார்கள். கழுத்தில் சிறிய சிலுவை. கையில் பை.

"நீங்கதான் வாட்ச்மேன்ட்ட சொன்னதா அண்ணாச்சி?"

அவள் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கண்ணாடி முன்னால் இருந்த பவுடர் டப்பாவில் சாத்தி வைத்தாள். புன்னைக்காயல் கோயில் வாசலில் எடுத்த கல்யாணப் போட்டோ. அவள் பக்கத்தில் கோட் போட்டு நின்றவன் அந்தச் சதுரத் தாடைக்காரன். அதே நெற்றி, அதே காது, ஒரு பக்கம் ஏறிய அதே புருவம். இரண்டு முறை அவன் தலையை என் கையில் பிடித்திருந்தும் நான் தாடையை விட்டு மேலே பார்க்கவே இல்லை.

"இது அவுகதான். உங்ககிட்ட போன்ல காட்டுன பாஸ் போட்டோல இருக்கதும் அவுகதான். போன வருசம் யார்டுல சரக்கு தூக்குற சங்கிலிக் கொக்கி தெறிச்சு மூஞ்சில அடிச்சுச்சு. எலும்பு கோணலா சேர்ந்துட்டு. திரும்ப வேலைக்குப் போனா, கேட்ல எல்லாம் புது ஆளுங்க, போட்டோல இருக்கது நீ இல்லன்னு நிப்பாட்டுதாங்க. புதுப் பாஸ் கேட்டா டாக்டர்ட்ட அனுப்புவாங்க, வாய முழுசாத் திறக்க முடியலைன்னு எழுதிட்டா வேல போயிருமேன்னு பயந்துட்டாவ. அதான் பழைய மூஞ்சிய வரவைக்கப் பாத்தாவ. உங்ககிட்ட வந்ததுக்குத் திருடன்னு பேரு வாங்கிக் குடுத்துட்டீகளே."

கேட்டில் எல்லார் முன்னாலும் அவனை நிறுத்தி, பையைக் கொட்டி, பாஸைப் பிடுங்கிக்கொண்டார்களாம். வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறானாம்.

"அவரை வரச் சொல்லுங்க" என்றேன்.

"வர மாட்டாவ."

"மூணு வாரம் கத்தி படாம வளரட்டும். அதுக்கப்புறம் கூட்டிட்டு வாங்க. பழைய மூஞ்சிய என்னால வரவைக்க முடியாது. இருக்க மூஞ்சிக்கு ஒண்ணு பண்ணலாம்."

அவள் போட்டோவை எடுத்துக்கொண்டு போனாள். நம்பினதாகத் தெரியவில்லை.

நான் யார்டு கேட்டுக்குப் போய் வாட்ச்மேனைப் பார்த்தேன். நான் சொன்னது தப்பு, பாஸ் போட்டோவில் இருக்கிறதும் அவரேதான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அன்னைக்கு அப்படிச் சொன்னீரு, இன்னைக்கு இப்படிச் சொல்லுதீரு. அவன் உமக்குத் துட்டு எதுவும் குடுத்தானோ?" என்று கேட்டார். அந்த மாதிரிச் சந்தேகப் பார்வை அதுவரை என் மேல் விழுந்ததில்லை.

நாலு வாரம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் வந்தார்கள். அவள் வாசலிலேயே நின்றாள். அவன் உட்கார்ந்தான். தாடி அடர்த்தியாக வந்திருந்தது.

முழுத் தாடிதான் அந்த முகத்துக்கு என்று முதல் நாளே எனக்குத் தெரியும். ஆனால் எப்போதும்போல இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டினால் கோணல் அப்படியே நிற்கும். வலது பக்கம் எலும்பு துருத்தி இருந்ததால் அங்கே ஒட்டக் குறைத்தேன். ஒடுங்கின இடது பக்கம் கத்தரியும் சீப்புமாக நீளம் விட்டேன். மேலிருந்து வளர்ந்த முடியைக் கீழே சீவித் தழும்பின் மேல் படிய வைத்தேன். மோவாயில் இடது ஓரத்தைச் சாய்த்துக் கழித்து, வலது பக்கம் அடர்த்தியாக விட்டு, முனையை மூக்குக்கு நேராகக் கொண்டு வந்தேன். கூராக விடாமல் உருட்டினேன், கூர் இருந்தால் அது எந்தப் பக்கம் காட்டுகிறது என்று கண் தேடும். கழுத்துக் கோட்டைக் குரல்வளைக்கு மேல் இரண்டு விரல் விட்டுப் போட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. நாற்காலியைத் திருப்பி, பக்கவாட்டுக் கண்ணாடியையும் பிடித்துக் காட்டினேன்.

அவன் அந்தப் பழைய ஆளாகவும் இல்லை, கோணியவனாகவும் இல்லை. நெஞ்சு நிமிர்ந்த புது ஆள் ஒருவன் இருந்தான். வாசலில் நின்றவள் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இந்த மூஞ்சில போட்டோ எடுத்துப் புதுப் பாஸ் போடுங்க. டாக்டர்ட்ட மறைக்காதீங்க" என்றேன். பிறகு, "நான் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க" என்றேன்.

"நானும்தான் உண்மையச் சொல்லல" என்றான். அவ்வளவுதான்.

டாக்டர் அவனிடம் வாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். கை, கால், கண் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார், புதுப் பாஸும் வந்தது. கேபிள் எடுத்தவன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது, இவன் இல்லை என்பது மட்டும் தெரியும். வாட்ச்மேன் வேறு கடைக்குப் போகிறார்.

அவன் மட்டும் மாதம் ஒருமுறை வருகிறான். அந்த வெட்டு வேறு கடையில் வரவில்லை என்று அவன் மனைவி சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் எல்லாம் தாடிக்குக் கத்தி வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவன் மூடுவதில்லை. கண்ணாடியில் என் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வேலை முடிகிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.