மூன்றாம் பகுதியில் இல்லாத வரி

1. நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி நடைமுறையைப் பதற்றமில்லாமல் விளக்க, வாசல் மண்டபத் தொலைக்காட்சியில் ஓடப்போகும் வீடியோவுக்குத் தமிழில் வசனம் எழுதும்படி ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் சொன்னார். கணினிப் பிரிவில் தமிழில் தட்டச்சு செய்பவள் நான் மட்டும்தான்.
2. அனுமதி, பார்வையாளர் நேரம் ஆகிய பகுதிகளைப் படம்பிடித்து முடித்தோம். கமராக்காரர் கலியாண வீடுகளுக்குப் படமெடுக்கப் போகிறவர்.
3. மூன்றாம் பகுதிக்கு, வீடு திரும்பும் நோயாளி ஒருவர் தேவைப்பட்டார்.
4. போரில் ஷெல் பட்ட தொடை ஆறிவந்த, ஈச்சிலம்பற்று ஊர் இளைஞன் ஒருவனுக்கு அன்று டிக்கெட் வெட்டினார்கள். வீட்டுக்கு அனுப்புவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.
5. அவனுடைய தாய் மறுத்துவிட்டார்.

"முகம் வேண்டாம் பிள்ளை. அந்த ரீவி வாசல் மண்டபத்திலதானே ஓடும்? ஆர் ஆர் இருந்து பாப்பினமோ."

"நான் மாப்பிள்ளையளையே வடிவா எடுக்கிறனான் அம்மா," என்றார் கமராக்காரர்.

"இவன்ர கலியாணத்துக்கு எடுங்கோ தம்பி. அதுக்கு ஆள் இருக்கோணுமே."

அவர் கமராவை மூடினார்.

காலையில் வைத்தியர் கட்டில் கட்டிலாகப் பார்த்து முடிவெடுப்பார். பிறகு நோய் விபர அட்டை எழுதி, மருந்தும் கிளினிக் திகதியும் கொடுப்பார்கள். முற்பகலில் எல்லாம் முடியும். அந்த நேரம் வாசல் வெறிச்சோடியிருக்கும். வெளியேறுகிறவர் தனியாகத் தெரிவார். பக்கத்து வாட்டிலிருந்து அப்படிப் போன ஒருவர் வீடு சேரவில்லை. வாசலுக்கு எதிரே நின்ற வான் வண்டியைப் பலரும் பார்த்திருந்தார்கள். யாரும் கதைக்கவில்லை.

"பன்னிரண்டு மணிக்குச் சனம் வரும்தானே மிஸ்ஸி," என்று தாய் தாதியிடம் கேட்டார். "அதுவரைக்கும் கட்டிலில இருக்க விடுங்கோ. சனத்தோட சனமாப் போயிடுவம்."

"கட்டில் இல்லாமல் ரெண்டு பேர் பாயில கிடக்கினம் அம்மா." தாதி அட்டையைத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். "மருந்து இன்னும் வரேல்லை எண்டு சொல்லுவம்."

ஒரு மணிக்கு மணி அடித்ததும் பார்வையாளர்கள் கிளம்பினார்கள். அவன் ஊன்றுகோலைக் கட்டிலடியில் விட்டுவிட்டு, சோறு கொண்டுவந்த கூடையைத் தூக்கினான். தாய் அவனுடைய தோளைப் பிடித்து, தானே நொண்டுகிறவர்போல் நடந்தார். கூட்டம் இருவரையும் மறைத்தது.

மாலையில் வசனத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'வீடு செல்பவர்கள் விரும்பினால், மதியப் பார்வையாளர் நேரம் முடியும்வரை வாட்டில் காத்திருக்கலாம்.'

பணிப்பாளர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"ஏன் இது?"

"கூட்டிக்கொண்டு போக வாறவைக்கு வசதி, சேர்."

அவர் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தார். "ரீவியில சொன்னா, அங்க நிக்கிறவைக்கும் கேக்கும் பிள்ளை." வரியை வெட்டினார். "வாயால சொல்லச் சொல்லுங்கோ. கட்டில் கட்டிலா."

மூன்றாம் பகுதியில் நோயாளி இல்லை. புதிதாக விரித்த ஒரு கட்டிலும் என் குரலும் மட்டும் இருந்தன. போர் முடியும்வரை அந்த வீடியோ மண்டபத்தில் ஓடியது.

கிளினிக் திகதிக்கு அவன் வரவில்லை. அப்போது ஈச்சிலம்பற்றுப் பாதை மூடப்பட்டிருந்தது. அவன் வீடு சேர்ந்தானா என்பது இன்றும் எனக்குத் தெரியாது.