யூன் தேரிக்கு ஒரு வெள்ளைக் கவர்

கணவாய் மீனில் நல்லது கெட்டதைக் கண்டுபிடித்துவிடலாம், கம்பெனியில் மேலே உட்கார்ந்திருப்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் எந்தக் கருவியும் இல்லை. புது வேலையில் முதல் வருசத்தை ஓட்டிவிட்டு, சொல்லிக்கொடுத்தவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று முழித்த என் இனத்து மக்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குவைத்தில் பதினான்கு வருசம் டிரைவராக இருந்தவன் நான். நாற்பத்து நான்கு வயதில் ஊர் திரும்பி, கட்டுமாவடிப் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் கணவாய் முழுக்கக் கொரியாவுக்குப் போகிறது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க அங்கிருந்தே ஒருவரை அனுப்பியிருந்தார்கள்.

வயசு என்ன?

வந்தவர் ஒரு பெண். பெயர் யூன். பதவி தேரி, அதாவது உதவி மேனேஜருக்குப் பக்கம். கொரியாவில் பதவியில் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாதாம். பதவியைச் சொல்லி, பின்னால் 'நிம்' சேர்க்க வேண்டும். ஆக அவர் எனக்கு யூன் தேரிநிம். முதல் நாள் முதல் கேள்வியே "வயசு என்ன?" சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு முப்பத்தொன்று.

வயதில் மூத்தவன் பதவியில் கீழே இருந்தால் அவர்கள் ஊரில் ரெண்டு பேருக்கும் சங்கடமாம். அன்றிலிருந்து எனக்குத் தண்ணி டம்ளரைக் கூட ரெண்டு கையாலும் நீட்டினார், நானும் ரெண்டு கையாலும் வாங்கினேன். எங்கள் பிரிவில் கணவாய் கழுவும் மாரியாயி அக்கா இதை ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொன்னது: "வயசக் கேட்டாச்சு, தண்ணியும் குடுத்தாச்சு. ஜாதகம் எப்பத் தம்பி கேக்கும்?"

அடியில் கை

மூன்றாவது மாசம் ஒரு வியாபாரி பன்னிரண்டு பெட்டி இறக்கினார். மேலே இருந்த கணவாய் புள்ளி புள்ளியாக, கண் பளபளவென்று, பொண்ணு வீட்டுச் சீர் மாதிரி இருந்தது. 'நல்ல சரக்கு' என்று சீட்டு எழுதிவிட்டேன். யூன் தேரி வந்து, கையுறையோடு முழங்கை வரைக்கும் பெட்டிக்குள் விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். ஐஸ் கரைந்து, தோல் சிவந்து, கொழகொழவென்று வந்தது. எனக்கு உசுரே போய்விட்டது.

திட்டுவார் என்று நின்றேன். அத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் வரைக்கும் என்னோடு நின்று, பன்னிரண்டு பெட்டியையும் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்தார். போகும்போது மட்டும், எங்கள் பொம்பளைகளிடம் கற்ற தமிழில், "மேல பாக்காதீய. அடியில கைய விடுங்க" என்றார். அன்றிலிருந்து நான் எதையும் மேலே பார்ப்பதில்லை. அந்த வியாபாரி அடுத்த மாசம் வந்தபோது என் கை பெட்டிக்குள் போவதைப் பார்த்துக் கத்தினார்: "ஏய்யா, ஊர்க்காரன்னு நம்பி வந்தா நீயும் கொரியாக்காரனா மாறிட்டியே!"

பதினைந்து கிலோ

ஆனி மாசத்தோடு நான் சேர்ந்து ஒரு வருசம் முடிந்தது. மேனேஜர் கூப்பிட்டார். "யூன் மேடம் ரிப்போர்ட் நல்லா இருந்தா ஒங்கள நிரந்தரம் பண்ணுவோம். இல்லேன்னா இத்தோட சரி. திங்கக்கெழம தெரிஞ்சுரும்." குவைத் ஏஜென்ட்டும் போன் போட்டுவிட்டார், மறுபடி டிரைவர் வேலைக்கு வருகிறேனா என்று திங்கள்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். மறுபடி பெட்டி கட்டிக்கொண்டு அந்த வெயிலுக்குப் போக எனக்கு இஷ்டமில்லை. ரிப்போர்ட் எப்படி வந்தாலும், அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லாமல் போனால் நான் மனுசனே இல்லை என்றும் தோன்றியது.

ஆனால் வாயால் நன்றி சொல்லும் பழக்கம் நமக்கு ஏது? என் மனைவி பூங்கொடி, "நன்றின்னா வேத்தாளுகிட்ட சொல்றது. ஏதாச்சும் கொண்டு போய்க் குடுங்க" என்றாள். ஆலங்குடிப் பக்கம் அவள் அம்மா வீட்டுத் தோப்பிலிருந்து பதினைந்து கிலோவில் ஒரு பலாப்பழம் வந்திருந்தது. வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போய் யூன் தேரி மேசை மேல் இறக்கினேன். அறை முழுக்க வாசம். அவர் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார், பிறகு ரெண்டு கையாலும் பழத்தை என் பக்கம் தள்ளினார். "ரிப்போர்ட் முடியிற வரைக்கும் ஒண்ணும் வாங்கக்கூடாது, செல்வராசு ஷி." 'ஷி' என்றால் நம்ம 'அவர்களே' மாதிரி ஒரு மரியாதை. திரும்பக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோக வெட்கமாக இருந்தது. வாட்ச்மேனிடம் கொடுத்தேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லஞ்சத்த இம்புட்டு வாசமா யாருண்ணே குடுப்பா?"

சிவப்புப் பேனா

சரி, பொருள் வேண்டாம், கடிதமாகக் கொடுப்போம். எங்கள் கம்பெனிக்குச் சென்னையிலிருந்து மொழிபெயர்க்கும் ஆரோக்கியம் தம்பியைப் போனில் பிடித்தேன். தம்பி பாடம் எடுத்தது. முதலில் 'யூன் தேரிநிம்' என்று பதவியோடு தொடங்க வேண்டும். கடிதம் முழுக்க 'நீங்கள்' என்றே வரக்கூடாது, ஒவ்வொரு தடவையும் பதவிதான். பிறகு, ஆள் தெரிந்திருந்தாலும், நான் இன்ன பிரிவு இன்னார் என்று சொல்ல வேண்டும். அடுத்து 'குறைகள் உள்ள என்னை' என்று தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். சும்மா 'எல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள்' என்றால் ஒட்டாது, நடந்த ஒன்றைக் குறிப்பாக எழுத வேண்டும். நான் பன்னிரண்டு பெட்டிக் கதையை எழுதினேன். அதற்குப் பின்னால் 'தொக்புனே', உங்கள் புண்ணியத்தில் என்கிற மாதிரி. கடைக்காரரிடம் சொல்லும் 'காம்சாஹம்னிதா' போதாது. பெரியவருக்கு 'காம்சா துரிம்னிதா', நன்றியைச் சமர்ப்பிக்கிறேன்.

"வேலை முடியிறப்ப அந்த அம்மா எங்ககிட்ட 'சுகோ'ன்னு ஏதோ சொல்லும் தம்பி, அதையும் போடவா?" என்றேன். "ஐயய்யோ, அது 'நல்லா ஒழச்சீங்க'ன்னு மேல உள்ளவங்க கீழ உள்ளவங்களுக்குச் சொல்றதுண்ணே" என்றது. கடைசியில் 'அபுரோதோ ஜல் புதாக் துரிம்னிதா', இனிமேலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடிக்க வேண்டும். "அந்த வரிய விட்டுராதீங்க. விட்டா, வேலைய விட்டுப் போறவரு எழுதுன மாதிரி ஆயிரும்." கையெழுத்துக்குப் பக்கத்தில் பணிவாக 'ஓல்லிம்', இன்னார் சமர்ப்பித்தது என்று.

தம்பி அனுப்பியதைப் பார்த்து மூன்று நாள் எழுத்தெழுத்தாக வரைந்தேன். எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். வட்டம், கோடு, வட்டம், கோடு. எங்கள் அறையில் இருந்தது கழிவுச் சரக்கில் குறி போடும் சிவப்புப் பேனா ஒன்றுதான். அதிலேயே 'யூன் தேரிநிம்' என்று கொட்டை எழுத்தில் தொடங்கிப் படம் எடுத்து அனுப்பினேன். கொரியாவில் உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுத மாட்டார்களாம். ஆரோக்கியம் அலறிய அலறல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணே, இது நன்றிக் கடிதமா, கருமாதிப் பத்திரிகையா?"

ரெண்டு கையாலும்

நீலப் பேனாவில் மறுபடி வரைந்து முடித்தேன். கவர் வேண்டும். பூங்கொடி பீரோவிலிருந்து பிள்ளையார் படம் போட்ட மொய்க் கவரை எடுத்துத் தந்தாள். பலாப்பழமே லஞ்சம் என்றால் மொய்க் கவர் என்ன ஆகும்? வேண்டாம் என்று கடையில் தூய வெள்ளைக் கவர் வாங்கி, பசை போட்டு ஒட்டினேன். அந்த வெள்ளைக் கவர்தான் என்னைக் கவிழ்த்தது.

திங்கள்கிழமை காலை. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, யூன் தேரி முன்னால் நிமிர்ந்து நின்று, கண்ணைத் தாழ்த்தி, கவரை ரெண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வரைக்கும் குனிந்தேன். எல்லாம் ஆரோக்கியம் சொன்னபடி. அந்த அம்மா முகம் வெளிறிவிட்டது. சடாரென்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது. "வேணாம்! வேணாம் செல்வராசு ஷி!" பணிவு பத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் குனிந்தேன். "நான் திட்டினனா? வேல கஷ்டமா?" என்று குரல் உடைந்துவிட்டது. நான் இன்னும் குனிந்தேன். அதற்கு மேல் குனிந்தால் கணவாய்ப் பெட்டிக்குள்தான் விழ வேண்டும்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். கவரைப் பார்த்தார். "குவைத்துக்கு முடிவு பண்ணிட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றவர், என் வேலைக்கு வேறு ஆள் கேட்டு அங்கேயே போனைப் போட்டார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆரோக்கியத்தை அழைத்து விசயத்தைச் சொன்னேன். தம்பி சொன்னது: கொரியா ஆபீசில் ஒட்டிய வெள்ளைக் கவரை ரெண்டு கையால் நீட்டிக் குனிந்தால் அது ராஜினாமா. ஆளை விட மனசில்லாத மேலதிகாரி அதைத் தொடவே மாட்டார், தொட்டால் ஏற்றுக்கொண்ட மாதிரி. "கவர் கலரப் பத்தி நீங்க கேக்கலையேண்ணே!"

நான் கையைக் காலை ஆட்டி விளக்கினேன். யாரும் நம்பவில்லை. மாரியாயி அக்காதான் ஈரக் கையோடு வந்து கவரைப் பிடுங்கிக் கிழித்து, யூன் தேரி மூக்குக்கு முன்னால் விரித்துப் பிடித்தது. அவர் நின்றபடியே படித்தார். பன்னிரண்டு பெட்டிக் கதைக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசி வரியைப் படித்ததும் சிரித்தார், கண்ணையும் துடைத்தார். "அனியேயோ, நான் என்ன செஞ்சேன், ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டினார். நம்ம ஊரில் 'அட, இதுல என்னங்க இருக்கு' என்போமே, அதேதான்.

ரிப்போர்ட்டை அவர் சனிக்கிழமையே அனுப்பிவிட்டாராம். நிரந்தரம்! மேனேஜர் அசடு வழிய போனை வைத்தார். யூன் தேரி கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு, கணக்காகக் கேட்டார்: "செல்வராசு ஷி, ரிப்போர்ட் முடிஞ்சிருச்சு. பலாப்பழம் எங்க?"

வீட்டில்

ஏஜென்ட்டுக்கு 'வரவில்லை' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். பூங்கொடி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பதினான்கு வருசம் நான் இல்லாத வீட்டை ஒத்தையில் இழுத்தவள். ஊர் பேர் தெரியாத மொழியில் ஒரு வருசத்துக்கு மூன்று பக்கம் நன்றி எழுதினேனே, இவளுக்கு ஒரு வார்த்தை சொன்னதுண்டா என்று உறைத்தது. கிட்டே போய், பழக்கதோசத்தில் லேசாகக் குனிந்து, "பூங்கொடி, ரொம்ப நன்றி" என்றேன். அவள் மாவுக் கையோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்: "என்னங்க இது, மறுபடி குவைத்துக்கா?"

ஆகவே மக்களே, நன்றியை எந்தக் கவரில் வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் வருசக்கணக்கில் பொத்தி வைத்திருந்துவிட்டுத் திடீரென்று எடுத்து நீட்டினால், கொரியாவானாலும் கட்டுமாவடியானாலும், நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்புகிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.