பத்தாந்தேதிச் சம்பளம்

இரண்டு மாதங்களாக என் தங்கை தொலைபேசியில் பேச்சைத் தொடங்குவது ஒரே விதமாகத்தான். "அக்கா, காசு பேங்க்லதான் இருக்கு. ஆனா கட்டலன்னு சொல்றாங்க."

அவள் நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய கணவர் ஓட்டும் ஆட்டோ லீசிங்கில் எடுத்தது. ஆட்டோவில் கிடைப்பது சாப்பாட்டுக்கும் பெற்றோலுக்கும் போய்விடும். லீசிங் தவணை பதினெட்டாயிரம் அவளுடைய சம்பளத்தில்தான் போகவேண்டும். ஒவ்வொரு மாதமும் பதுளைக்கு அலைய முடியாது என்பதால், சம்பளம் விழும் வங்கிக் கணக்கிலிருந்து லீசிங் கம்பெனிக்குத் தவணை தானாகவே போகும்படி ஸ்டேண்டிங் ஓடர் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

முதல் மாதம் அது போகவில்லை. கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தபின், அவள் பதுளைக்கு வந்து கையால் கட்டினாள். இரண்டாம் மாதமும் போகவில்லை. இந்த முறை அவள் கட்டவில்லை. காசு கணக்கில் இருக்கிறதே, எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். பிறகு கம்பெனி ஆள் ஒருவர் ஆட்டோ நிறுத்துமிடத்துக்கே வந்து, அடுத்த பத்தாந்தேதிக்குள் பாக்கி தீராவிட்டால் வண்டியைப் பிடித்துக் கம்பெனி யார்டில் போட்டுவிடுவோம் என்று மற்ற ஓட்டுநர்களின் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு தங்கையின் கணவர் சாப்பிடவில்லை என்றாள்.

நான் தெமோதரையில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். தினக்குறிப்பு எழுதும் பழக்கம் இருப்பதால் கணக்கு வழக்கெல்லாம் எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பதுளை பஸ் நிலையத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. இருவரும் ஆட்டோவில் வரவில்லை, பஸ்ஸில் வந்திறங்கினார்கள்.

"வண்டி எங்க?" என்றேன்.

"டவுனுக்குக் கொண்டாந்தா இங்கயே புடிச்சிட்டாங்கன்னா?" என்றார் தங்கையின் கணவர். "மாமியார் வூட்டுப் பின்னால நிக்குது. மேல தார்பாயப் போட்டு மூடியிருக்கேன்."

"ஆட்டோவுக்குப் போர்வை போத்தி விட்டவரு, எனக்கு ஒரு குடை கொண்டு வரல," என்றாள் தங்கை.

வங்கியில் இலக்கச் சீட்டு எடுத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் எங்களை அழைத்த பெண் அதிகாரி தமிழ் பேசினார். களைத்த முகம். எங்களுக்கு முன்னால் இருந்தவருக்கும் இதையே விளக்கியிருப்பார் போலத் தோன்றியது.

கணக்கு விபரத்தை அச்சடித்து எடுத்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார்.

"ஸ்டேண்டிங் ஓடர் பத்தாந்தேதிக்குப் போட்டிருக்கு. விடியக்காலம கம்பியூட்டர் ஒருக்காத்தான் பாக்கும். இந்தா, முதல் மாசம், பாத்த நேரம் காசு இல்ல. உங்க தோட்டத்துச் சம்பளம் பின்நேரந்தான் விழுந்திருக்கு."

"பெறகு விழுந்துச்சில்ல மிஸ்? அப்ப எடுத்திருக்கலாமே?"

"திரும்ப வந்து பாக்காது. அடுத்த மாசந்தான் பாக்கும். போகாததுக்கு பேங்க் சார்ஜ் ஐந்நூறு, அது மட்டும் சம்பளம் விழுந்தவுடனே வெட்டியிருக்கு."

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "நாங்க பெரட்டுக்குப் போறதுக்கு முந்தியே அது எந்திரிச்சு வந்து பேரு கூப்புட்டுட்டுப் போயிருது. அப்புறம் நாம போயி நின்னா அரைப்பேருகூடக் கெடையாது."

அதிகாரி சிரித்தார். தோட்டத்தில் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்குப் பிந்தினால் அரைநாள் சம்பளம், அதாவது அரைப்பேர். அவருக்கும் அது தெரிந்திருந்தது. அவருடைய ஆட்களும் ஏதோ ஒரு தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம். நான் கேட்கவில்லை.

"சரி, ரெண்டாவது மாசம்?" என்றார் தங்கையின் கணவர். "நான் ஒம்பதாந்தேதியே வந்து மெஷின்ல காசு போட்டேனே."

"பதினேழாயிரம் போட்டிருக்கீங்க."

"கணக்குல ஆயிரம் கெடந்துச்சு. சேர்த்தா பதினெட்டு."

"அந்த ஆயிரம் குறைஞ்ச மீதி. கணக்கு தெறந்திருக்கிற வரைக்கும் அது அங்கயே இருக்கணும். தவணைக்கு அதைத் தொட முடியாது. ஆயிரம் குறைஞ்சா பதினேழை அனுப்பவும் மாட்டாங்க. முழுசாப் போகும், இல்லன்னா ஒண்ணும் போகாது. அதுக்கு இன்னொரு ஐந்நூறு."

தங்கள் கணக்கில் கிடக்கும் ஆயிரம் ரூபாய் தங்களுடையதல்ல என்பதைத் தங்கையின் கணவர் மெதுவாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

"சம்பளம் எப்ப வரும்?" என்று அதிகாரி கேட்டார்.

"பத்தாந்தேதி," என்றாள் தங்கை.

"போன மாசம் பதினொண்ணாந்தேதி விழுந்திருக்கே."

"ஆமாங்க மிஸ். பத்து ஞாயித்துக்கெழமை. அதனால பத்தாந்தேதிச் சம்பளத்தை பதினொண்ணாந்தேதி போட்டாங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. நானும் லயத்தில் பிறந்தவள்தான். எங்கள் வீட்டில் 'பத்தாந்தேதி' என்றால் அது நாள்காட்டியில் இருக்கும் ஒரு தேதியல்ல, சம்பளத்தின் பெயர். பத்தாந்தேதி வரட்டும், செருப்பு வாங்கலாம் என்பார்கள். அது பதினொன்றில் வந்தாலும் பத்தாந்தேதிதான். லீசிங் கம்பெனியில் சம்பளம் எப்போது என்று கேட்டபோதும் அவள் இதையே சொல்லியிருக்கிறாள். அவர்கள் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு, தவணை நாளையும் ஸ்டேண்டிங் ஓடரையும் பத்தில் போட்டுவிட்டார்கள்.

ஸ்டேண்டிங் ஓடரைப் பதின்மூன்றுக்கு மாற்றப் புதிதாக எழுதிக் கொடுத்தோம். பாக்கித் தவணைக்கான காசை எடுத்துக்கொண்டு, அதே தெருவில் கீழே இருந்த லீசிங் கம்பெனிக்கு நடந்தோம்.

அங்கே மேசையில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். முதல் மாதம் தங்கை கையால் கட்டிய பதினெட்டாயிரத்திலிருந்து முதலில் தாமத வட்டியையும் கடிதச் செலவையும் கழித்திருந்தார்கள். மிச்சந்தான் தவணைக்குப் போயிருந்தது. ஆகவே அந்தத் தவணையே முழுதாகத் தீரவில்லை. கட்டாமல் நின்ற அந்தச் சிறு தொகைக்கும் நாள்தோறும் வட்டி ஏறியிருந்தது. ஆட்டோ நிறுத்துமிடத்துக்குத் தேடி வந்த ஆளுக்கும் ஒரு கட்டணம்.

"எங்கள மெரட்ட வந்தவருக்கு நாங்களே பஸ் காசு குடுக்கணுமா?" என்றார் தங்கையின் கணவர். குரலை உயர்த்தவில்லை.

வங்கியில் எடுத்துவந்த காசு போதவில்லை. குறைந்ததை நான் போட்டேன். பற்றுச்சீட்டில் பாக்கி இல்லை என்று எழுதித் தரும்படி கேட்டேன். இளைஞர் எழுதி முத்திரை குத்தினார்.

தவணை நாளையும் பதின்மூன்றாக மாற்றலாமா என்று கேட்டபோது தலையசைத்து மறுத்தார். அதற்கு ஒப்பந்தத்தையே திருத்தவேண்டும், அதற்கும் கட்டணம். மாற்றாமல் விட்டால் மாதம் தோறும் மூன்று நாள் தாமத வட்டி மட்டும் சேரும், அதையும் அவ்வப்போது தீர்த்துவிடவேண்டும் என்றார். ஒரு மாதச் சம்பளத்தைத் தொடாமல் கணக்கில் விட்டுவைத்து, ஓடரைப் பழையபடி பத்துக்கே வைத்தால் அந்த வட்டியும் இராது என்று அவரே யோசனையும் சொன்னார். நல்ல யோசனை. தங்கை அவரைப் பார்த்து, "ஒரு மாசம் சாப்புடாம இருந்தாச் செய்யலாம் தம்பி," என்றாள். மூன்று நாள் வட்டியோடு போகட்டும் என்று எழுந்தோம்.

பஸ்ஸில் ஏறும்போது தங்கையின் கணவர் திரும்பி, "போன ஒடனே தார்பாயக் கழட்டணும்," என்றார். அன்று அவர் சொன்னவற்றில் அது ஒன்றுதான் சந்தோஷமான வார்த்தை.

அந்த மாதம் பதின்மூன்றாம் தேதி, நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் நேரத்தில் தங்கை அழைத்தாள்.

"அக்கா, காசு போச்சு."

"எங்க போச்சு? வண்டிய எடுத்துட்டாங்களா?"

"இல்லக்கா. லீசிங்குக்குப் போச்சு. மெசேஜ் வந்திருக்கு. முழுசாப் போச்சு."

பின்னால் ஆட்டோவின் இயந்திரச் சத்தம் கேட்டது. மீதி எவ்வளவு என்று கேட்டேன்.

"அந்தத் தொடக்கூடாத ஆயிரமும், அதுக்கு மேல கொஞ்சமும்," என்றாள். "அடுத்த பத்தாந்தேதி வரைக்கும் பாக்கணும்."