கப்பலேறிப் போன பேர்

என் பெரியப்பா தென்னாப்பிரிக்காவில் நேட்டால் தேசத்துக் கரும்புத் தோட்டத்துக்குப் போனபோது அவருக்குச் சின்னான் என்று பேர். முப்பது வருஷம் கழித்து, அவருடைய மனைவி மட்டும் ஒரு தகரப்பெட்டியோடு திண்டிவனம் ரயிலடியில் வந்து இறங்கியபோது, அவளுக்கு மிஸஸ் படையாச்சி என்று பேர். எனக்கு அப்போது பத்து வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

நேட்டாலை விட்டு ஒரேயடியாகப் போய்விடுகிறவர்களுக்கு அந்த ஊர் சர்க்கார் கப்பல் கட்டணம் வாங்காமல் அனுப்பி, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தது. பிறந்த மண்ணில் சாக வேண்டும் என்று பெரியப்பா கைநாட்டு வைத்தார். நடுக்கடலில் காய்ச்சல் வந்து அங்கேயே போய்விட்டார். பெரியம்மா பிறந்ததே நேட்டாலில். புருஷன் ஊர் என்று சொல்லக் கேட்ட இடத்துக்கு அவள் தனியாக வந்து சேர்ந்தாள். கல்யாணமான மகன் அங்கேயே சர்க்கரை ஆலையில் தங்கிவிட்டான்.

வந்த மறுநாள் எங்கள் சேரிப் பெண்கள் சூழ்ந்துகொண்டு பேர் கேட்டார்கள். அவள் கூச்சமே இல்லாமல் சொன்னாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்து போய் வேலிப் படலைச் சாத்திவிட்டு வந்தாள்.

எங்கள் தெருவில் யார் பேருக்குப் பின்னாலும் எதுவும் கிடையாது. முனியன், காத்தான், குப்பு, அவ்வளவுதான். கர்ணம் கணக்கில் எழுதும்போது ஜாதியை அவரே சேர்த்துக்கொள்வார். அது எங்களுக்காகப் பிறர் எழுதுவது. படையாச்சி, கவுண்டர் என்பதெல்லாம் ஊர்த்தெருவில் நிலமுள்ள வீட்டு ஆண்களின் பேருக்குப் பின்னால் வருவது. அவர்கள் வீட்டுப் பெண்களுக்குக்கூட அது ஒட்டாது.

பெரியப்பாவுக்கு அது ஒட்டிய கதையைப் பெரியம்மாதான் சொன்னாள். பட்டணத்துக் கூலி டிப்போவில் ஒவ்வொருவரிடமும் பேர், அப்பன் பேர், ஜாதி, தாலுகா, கிராமம் என்று கேட்டு எழுதினார்களாம். திண்டிவனத்திலிருந்து ஆள் பிடித்துப்போன மேஸ்திரி, "படையாச்சின்னு சொல்லுடா. பயிர் வைக்கிற ஜாதின்னா ஜல்தியா எடுத்துக்குவான், கப்பல்ல சோத்துக்கும் பேஜாரு இல்ல" என்று காதில் சொல்லியிருக்கிறான். பெரியப்பா சொன்னார். அங்கே இறங்கியதும் தோட்டத்து வெள்ளைக்காரக் குமாஸ்தாவுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று வேண்டியிருந்தது. காகிதத்தில் ஜாதி என்ற இடத்தில் இருந்த சொல்லை எடுத்துக்கொண்டான். அப்புறம் அது கல்யாணப் பதிவில் ஏறியது; மகன் பிறந்ததும் மாணிக்கம் படையாச்சி என்று அவன்மேலும் ஏறியது. அங்கே அது ஜாதியாக இல்லை, ஆளைக் கூப்பிடுகிற பேராக மட்டும் இருந்தது என்று பெரியம்மா சொன்னாள். யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னதில்லையாம்.

மகனுடைய முதல் கடிதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. உறையில் மிஸஸ் படையாச்சி என்று இருந்ததால் தபால்காரர் அதை ஊர்த்தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள். மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் பின்னாலேயே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். அப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"உங்க தெருவுல யார்ரா படையாச்சி?" என்று கேட்டார் அந்த வீட்டுப் பெரியவர்.

"தெரியாம எழுதிக்கினாங்க ஆண்டே. அக்கரையில ஏதோ கொளறுபடி."

"கப்பல்ல ஏறி எறங்கினா பேரு வந்துடுமா? எங்க பேர கவர்மெண்டு கணக்குல மருவாதியா எழுதச் சொல்லி நாங்களே மனு போட்டுக்கினு கெடக்கறோம். நடுவுல நீங்க வேற."

கடிதத்தை அவர் கிழித்துவிடவில்லை. தரையில் வைத்தார், அப்பா எடுத்துக்கொண்டார். "இதோட நிக்கட்டும்" என்றார் பெரியவர். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா எங்கள் எல்லாரையும் உட்கார வைத்தார்.

"இனிமே அந்தப் பேர யாரும் வாயில எடுக்கக்கூடாது. யார் கேட்டாலும் இங்க அப்படி யாருமில்ல."

"அது எம் புருஷன் பேரு தம்பி" என்றாள் பெரியம்மா.

"எங்கண்ணன் பேரு சின்னான், அண்ணி."

அந்தப் பேரை விட்டுவிட்டு, பெரியம்மாவின் சொந்தப் பேரான குப்பம்மாள் என்று மட்டும் எழுதும்படி மகனுக்குப் பள்ளிக்கூட வாத்தியாரைக் கொண்டு கடிதம் போட்டோம். ஆனால் கப்பல் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மகன் அனுப்பிய ரிஜிஸ்தர் கடிதம் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. போனவர்கள் நேட்டாலுக்கே திரும்பி வர விரும்பினால் குறிப்பிட்ட காலத்துக்குள் மனுப் போடலாம் என்று ஒரு விதி இருந்ததாம். அந்த மனுவில் அவளுடைய கைநாட்டு வேண்டும். காகிதத்தை அனுப்புகிறேன் என்று முதல் கடிதத்திலேயே அவன் எழுதியிருந்தான். பெரியம்மா கெடுவை எண்ணிக்கொண்டே, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை நான் சேரி முனையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் சேரிக்குள் வரமாட்டார். பாதையிலேயே சைக்கிளை நிறுத்திக்கொண்டு கேட்டார். "ஏ பொண்ணு, இங்க மிஸஸ் படையாச்சின்னு யார்னா இருக்காங்களா? ரிஜிஸ்தர் வந்துகீது."

ஊர்த்தெரு ஆட்கள் இரண்டு பேர் ஏர்மாடு ஓட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனார்கள். நான் நிமிர்ந்து நின்று, வகுப்பில் பதில் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னேன்: "இல்லீங்க. அந்தப் பேர்ல எங்க தெருவுல யாருமே இல்லீங்க."

அவர் பென்சிலால் உறையில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் ஓடிப்போய் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த மண்வெட்டி அப்படியே நின்றது.

திங்கட்கிழமை விடிந்ததும் அப்பாவும் பெரியம்மாவும் திண்டிவனத்துக்கு நடந்தார்கள். படிக்கத் தெரிந்தவள் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள். தபாலாபீஸ் குமாஸ்தா நல்ல மனுஷர். உறையை எடுத்துக் காட்டினார். பெரியம்மா தகரப்பெட்டியிலிருந்து தன்னுடைய கப்பல் காகிதத்தை எடுத்து நீட்டினாள். இரண்டிலும் ஒரே எழுத்துகள் இருந்தன.

"பேர் சரியாத்தான் இருக்கு. ஆனா அப்படி யாருமில்லைன்னு உங்க ஊர்லேர்ந்தே எழுதி வந்திருக்கே. இந்த அம்மாதான் அந்த அம்மான்னு உங்க மணியக்காரர் ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். இன்னும் நாலு நாள் வச்சிருக்கேன்."

கிராம மணியக்காரர் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்பா சொல்லச் சொல்ல எழுதினார்: இன்ன சேரியிலிருக்கும் காலஞ்சென்ற சின்னான் மனைவி குப்பம்மாள். எழுதிவிட்டுப் பேனாவை வைத்தார்.

"அந்தக் கடைசி வார்த்தையும் ஆண்டே..." என்று அப்பா இழுத்தார்.

"அத நான் எழுதினா நாளைக்கு எனக்கு இந்த வேல இருக்காதுடா. உனக்கும் இங்க கூலி கெடைக்காது."

அந்தக் காகிதத்தோடு மறுபடியும் போனோம். குமாஸ்தா உறையையும் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். குப்பம்மாள் என்பது உறையில் இல்லை. படையாச்சி என்பது காகிதத்தில் இல்லை. "நான் என்னம்மா பண்ணுவேன்" என்றார்.

குமாஸ்தா சொன்ன நாலு நாள் கெடு முடிந்தது. அந்த உறை அக்கரைக்கே திரும்பிப் போயிற்று. நாங்கள் எழுதிய கடிதமும் சில மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மாணிக்கம் அந்த ஆலையை விட்டுப் போய்விட்டானாம். பெரியம்மா வாத்தியாரிடம் வேறு விலாசத்துக்கு எழுதச் சொன்னாள். "அங்க படையாச்சிங்க ஆயிரம் பேரு இருப்பாங்க, அதுல எந்த மாணிக்கம்னு எழுதறது?" என்று அவர் கேட்டார். பிறகு யுத்தம் வந்தது. பெரியம்மா விழுப்புரத்துக்குப் போய் ஒரு மல்லாட்டை மில்லில் வேலை செய்தாள். அங்கே அவளை நேட்டால்காரி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பேரோடுதான் செத்துப்போனாள்.

தபாலாபீஸிலிருந்து கடைசியாகத் திரும்பிய அன்று நல்ல வெயில். அப்பா வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஏரிக்கரை வந்ததும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ சரியாத்தான் சொன்ன கண்ணு. அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல."

வாத்தியார் முதுகில் தட்டிக் கொடுத்ததுபோல எனக்கு இருந்தது. மிச்ச வழி முழுக்க அவள் கையை ஆட்டிக்கொண்டு, குதித்துக் குதித்து நடந்தேன்.