ஒரே ரசீது

காணொளியிலிருந்து அந்த ஒரு வரியை வெட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கவுண்டரில் உட்காருபவள் நான். மகளிர் சேமிப்புக் குழுக்களுக்காக ஒரு சின்ன வைப்புத் திட்டம் வந்தது. அதைத் தமிழில் விளக்கும் காணொளிக்கு எழுதியதும் நான்தான், குரல் கொடுத்ததும் நான்தான். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பன்னிரண்டு மாதம் போட்டு வைத்தால் ஆண்டுக்கு மூன்று விழுக்காடு வட்டி. மூன்று மாதத்துக்குள் எடுத்தால் வட்டியே கிடையாது. அதற்குப் பிறகு, தவணை முடியுமுன் எடுத்தால், முடிந்த மாதங்களுக்குப் பாதி வட்டி. போட்ட பணத்தில் கை வைக்க மாட்டோம். எடுக்க, குழுவின் மூன்று பொறுப்பாளர்களில் இருவர் கையெழுத்து வேண்டும். கடைசியாக ஒரு வரி: ஒரு ரசீதில் போட்ட பணத்தில் பாதியை மட்டும் எடுக்க முடியாது, எடுத்தால் முழு ரசீதையும் உடைக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரிதான் போனது. நீளமாக இருக்கிறதாம். படம் பிடித்த தம்பியைக் கேட்டால் மேனேஜரைக் கை காட்டினான். மேனேஜரைக் கேட்டால் ஃபாரத்தில் இருக்கிறதே என்றார். ஃபாரத்தின் பின்பக்கத்தை யார் ஐயா படிக்கிறார்கள்? கேட்டேவிட்டேன். அவர் சிரித்துவிட்டு கோப்பி குடிக்கப் போனார். அதற்குள் காணொளி வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ போய்விட்டது. என் குரலும் அதோடு போய்விட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது கைப்பேசியில் அதைக் கேட்டால் நான் எழுந்து முன்னால் போய் நின்றுகொள்வேன்.

சனிக்கிழமை காலை கடலுக்கு அக்கரையில் இருக்கும் மாக் மண்டினிலிருந்து ஒரு குழு வந்தது. பத்துப் பேர். தலைவி அக்கா அங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுபவர். குரலிலேயே அடையாளம் கண்டு, "நீங்கதானா வீடியோல பேசினது? நீங்க சொன்னதாலதான் வந்தோம்லா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் பழக்கம் எனக்குத் தெரியும். மாதாமாதம் ஒரு டப்பாவில் போடுவார்கள். யாருக்கு ஆபத்து அவசரமோ அவர் எடுத்துக்கொள்வார், பிறகு திருப்பி வைப்பார். டப்பாவுக்கு அது சரி. ரசீதுக்கு ஆகாது. அக்கா ஃபாரத்தை நீட்டினார். மொத்தப் பணமும் ஒரே ரசீதாக.

காணொளியில் வெட்டப்பட்ட அந்த வரியை நான் சொன்னேன். யாராவது ஒருவருக்குத் தேவைப்பட்டாலும் எல்லார் வட்டியும் குறையும், நாலைந்து ரசீதாகப் பிரித்துப் போடுங்கள், தேவையானதை மட்டும் உடைக்கலாம், மற்றவை தவணை முடியும்வரை ஓடும் என்றேன். அக்காவுக்கு முகம் கறுத்தது. ஒரே குழு, ஒரே ரசீது, பிரித்துப் போட்டால் ஆளாளுக்குப் பிரிந்த மாதிரி ஆகாதா என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். மேனேஜர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"ஒரு வருஷத்துக்குள்ள யாருக்குப் பணம் தேவைப்படும்? இப்பவே சொல்லுங்கக்கா" என்றேன்.

பத்துப் பேர் நடுவே எனக்குத் தேவை இருக்கிறது என்று எந்தப் பெண் சொல்வாள்? கேட்ட விதம் தப்பு என்று எனக்கே உறைத்தது. ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்து, வெளியே கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். போனார்கள். ஒரே ரசீது என்றே திரும்பி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு, அடுத்தவர் பணத்தைத் தப்பாக எண்ணி மறுபடி எண்ணினேன்.

திரும்பி வந்தது அக்கா மட்டும். ஐந்து ஃபாரம் கேட்டார். ஏன் மனசு மாறியது என்று கேட்கவில்லை, அவரே குனிந்து மெதுவாகச் சொன்னார். நாலு மாதத்தில் அவருக்கு அறுவை சிகிச்சை. கர்ப்பப்பையில் கட்டி. குழுவில் யாருக்கும் அதுவரை சொல்லவில்லை. இப்போதுதான், கடையில் வைத்து, சொன்னாராம்.

"நல்ல வேளை சொன்னீங்கக்கா. இல்லாட்டி ரசீத உடைக்கிறப்ப எல்லார் வட்டியிலயும் பாதி போயிருக்கும்" என்றேன்.

அக்கா பேனாவை மூடி வைத்தார்.

"வட்டி போயிருக்காதும்மா. பத்துப் பேரு வட்டிய நான் கெடுப்பேனா? ரசீத உடைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். ஆபரேஷனத்தான் தள்ளிப் போட்டிருப்பேன்."

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது, மேனேஜர் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அந்த வரியை மறுபடி பதிவு செய்தோம். இந்த முறை அதைத்தான் முதலில் சொன்னேன்.