முதுகைக் காட்டாத டீச்சர்

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியதே கிடையாது. கரும்பலகையில் எழுதும்போதுகூடப் பக்கவாட்டில் நின்று, ஒரு கண்ணை வகுப்பின் மேல் வைத்துக்கொண்டுதான் எழுதுவார். எழுத்து கோணலாகப் போகும், வகுப்பு கோணாது. பத்தொன்பது வருடமாக இதே கதை. பக்கத்து வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன், அங்கே மூச்சுச் சத்தம் கேட்காது. எனக்கு வயிற்றெரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சாலைப் பாதுகாப்புப் பாடமும் வருடா வருடம் அவருடையதுதான். கூடத்துத் தரையில் வெள்ளை டேப்பைப் பட்டை பட்டையாக ஒட்டினால் அது சாலையைக் கடக்கும் இடம். இரண்டு பக்கமும் கயிறு நீட்டினால் நடைபாதை ஓரம். நாற்காலிகளின் மேல் அட்டைப் பலகைகள்: எட்டு மூலைச் சிவப்பில் 'நில்', முக்கோணத்துக்குள் நடந்து போகும் பிள்ளைகள். இந்த முறை அவசரம் வேறு. மறுநாள் முப்பத்துநான்கு பிள்ளைகளும் நிஜ ரோட்டைத் தாண்டி நூலகம் போக வேண்டும். "ஒரு பிள்ள தப்பா கடந்தாலும் யாரும் போக வேணாம்" என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

காலையிலிருந்தே ரகளை. ஒட்டிய டேப் பிய்ந்து ஒருவன் காலோடு போனது. எல்லோருக்கும் டிரைவர் வேஷம்தான் வேண்டும், நடப்பதற்கு ஆளில்லை. டிரைவரானவர்களும் கோட்டுக்கு முன்னால் நிறுத்தாமல் ஹாரன் அடித்துக்கொண்டு பாய்ந்தார்கள்.

"ஏன்டா நிறுத்தல?"

"எங்கப்பா நிறுத்த மாட்டாரு டீச்சர்."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். டிரைவர்கள் எல்லோரையும் நடக்கும் வரிசைக்கு அனுப்பிவிட்டு, ஒரு பெரிய அட்டைப்பெட்டியை என் கழுத்தில் மாட்டினார்.

"நீங்கதான் பஸ். சில தடவ நின்னு வழி விடுங்க, சில தடவ நிக்காம வாங்க. வண்டி நின்னுடுச்சான்னு பாத்துட்டுதான் கால வைக்கணும்னு இதுங்களுக்கு உறைக்கணும்."

படித்து வேலைக்கு வந்தது பஸ்ஸாவதற்கா என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஓடினேன்.

நான் நின்றவரை எல்லாம் சரியாகப் போனது. நிற்காமல் பிள்ளைகளின் வலப்பக்கத்திலிருந்து வந்தபோது, ஒரு சின்னப்பெண் நேராக என் மேல் வந்து மோதினாள். அடுத்தவனும் மோதினான். மூன்றாவது ஆள் என் கால் விரலை மிதித்தே விட்டான்.

"வலது, இடது, மறுபடி வலதுன்னு எத்தன தடவ சொல்றது? கண்ண எங்க வச்சிருக்கீங்க?" டீச்சர் எதிர்க்கயிற்றருகில் பிள்ளைகளைப் பார்த்து நின்றபடி தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எல்லோரும் வலது, இடது, வலது என்று கூடவே கத்தினார்கள். அவர்களின் வலப்பக்கம் பெட்டிக்குள் நின்ற எனக்குக் கடைசியில் தெரிந்தது முப்பத்துநான்கு பின்மண்டைகள்.

"டீச்சர், எல்லாரும் இடது பக்கம் பாத்துதான் முடிக்கிறாங்க."

"நீங்க வேற."

மோதிய சின்னப்பெண் மூக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க அந்தப் பக்கம்தான பாத்தீங்க டீச்சர். அதான் நாங்களும் அந்தப் பக்கம் பாத்தோம்."

டீச்சர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு எதிரே நின்ற பிள்ளைகளின் கைகளைப் பார்த்தார். முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்துபோனது. எதிரெதிரே நின்றால் அவருடைய வலது, அவர்களுடைய இடது. முந்தைய வருடங்களில் வண்டிகள் எல்லாம் ஒழுங்காக நின்றுவிட்டதால் யாருக்கும் இது தெரியவில்லை.

"பத்தொன்பது வருஷம்" என்றார்.

பிறகு டேப் பட்டைகளைத் தாண்டி வந்து, பிள்ளைகள் நின்ற கயிற்றின் முன்னால் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பவில்லை. வலது, இடது, மறுபடி வலது. நான் நிற்காமல் வந்தேன். ஒரு கால்கூடக் கயிற்றைத் தாண்டவில்லை. என் கழுத்து காய்த்துப்போகும்வரை விடவில்லை அவர். சாயங்காலம் தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டு, "நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

பள்ளி விட்டதும் இருவரும் வாசலுக்கு வந்தோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீச்சரின் மகள் நின்றுகொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கிறாள், ஒரு காலத்தில் இதே வகுப்பில், இதே கூடத்தில் பாடம் படித்தவள். எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். இடது பார்த்தாள், வலது பார்த்தாள், மறுபடி இடது பார்த்துவிட்டுக் காலை வைத்தாள். வலப்பக்கத்திலிருந்து வந்த கார் கிரீச்சென்று நின்றது. டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினான்.

அவள் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

டீச்சர் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என் பின்னாடி வந்து நில்லு."

"இங்கயா? எதுக்கும்மா?"

"நில்லுடி" என்று சொல்லி, மகளுக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து நின்றார்.