சுவரில் பத்தேகால்

அமெரிக்காவின் பிளானோ நகரில், பிழை செய்து கலாவதியிடம் மாட்டாத தமிழர் குறைவு. மென்பொருள் சோதிப்பது வேலை என்பதால், இட்லிக் கடை மெனுவில் ஒரு ஒற்று விட்டுப்போனாலும் கல்லாவில் இருப்பவருக்குச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அப்படிப்பட்டவரின் குறுநாவலையே தமிழ்ச் சங்க மலரின் ஆசிரியர் வாஞ்சிநாதன் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஐந்து அத்தியாயங்கள். யாமினி, ஜெயபிரகாஷ் என்ற தம்பதியின் வீட்டுக் கூடத்தில் பத்தேகாலில் நின்றுபோன ஒரு சுவர்க்கடிகாரம். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே வரியில் முடிந்தது: ‘சுவரில் பத்தேகால், அவள் வாழ்க்கையைப் போலவே.’

“அஞ்சு தடவையும் அவ வாழ்க்கை நின்னுபோச்சுன்னே சொல்றியேம்மா. முதல் தடவையே புரிஞ்சுடுச்சு. மிச்ச நாலும் எதுக்கு?” என்றார் வாஞ்சிநாதன் போனில்.

“அதுதான் அங்கிள் கன்சிஸ்டன்ஸி.”

“கடிகாரத்துக்கு அது சரி, கதைக்கு ஆகாதே. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரிபண்ணு. இல்லேன்னா முதல் அத்தியாயத்தை மட்டும் சிறுகதைன்னு போட்டுடறேன்.”

இரண்டு வருடமாக எழுதியதை ஒன்றரைப் பக்கமாக்குவதா? கலாவதி பல்லைக் கடித்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தார். இரண்டாம் அத்தியாயத்தில் கடிகாரத்தின் கண்ணாடி விரிசல் விட்டது. மூன்றில் பெரிய முள் கழன்றது. நான்கில் கடிகாரமே கீழே விழுந்தது.

கணவர் நஞ்சுண்டன் படித்துப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர், மெக்கானிக்கல் இன்ஜினியர்.

“ஏனுங்க மேடம், இது கடிகாரமா, ஆக்சிடென்ட் கேஸா?”

“அர்த்தம் மாறணும்னு சொன்னாருங்க.”

“பொருளை உடைச்சா அர்த்தம் மாறிருமா? ஒரே ஒரு பேட்டரி போட்டிருந்தா உன் கதையே முடிஞ்சிருக்கும் கலா. அந்த வீட்டுல ஏன் ஒருத்தரும் போடல?”

“போடல. அவ்வளவுதான்.”

“முதல்ல அவன் போடல, சரி, சோம்பேறி. அவன் விசாவுக்குச் சென்னை போயி மாட்டிக்கிட்டானே, அப்புறம் இவளுக்குக் கையில்லையா?”

கலாவதி சண்டைக்குத்தான் வாயைத் திறந்தார். முதல் அத்தியாயத்தில் போடாததற்கும் நான்காவதில் போடாததற்கும் காரணம் ஒன்றாக இருக்க முடியாது என்று அப்போதுதான் பட்டது.

விரிசலையும் கழன்ற முள்ளையும் கீழே விழுந்ததையும் அழித்தார். கடிகாரத்தை யாரும் தொடவில்லை. அதைப் பார்க்கிறவர்களின் நிலைமை மட்டும் மாறியது. முதல் அத்தியாயத்தில் அது வேடிக்கை: “எங்க வீட்ல எப்பவும் பத்தேகால்” என்று விருந்தாளிகளிடம் சிரிக்கிறாள் யாமினி. இரண்டாவதில் வீம்பு: பேட்டரி வாங்கியாயிற்று, சண்டைக்குப் பிறகு யார் முதலில் இறங்கிவந்து போடுவது என்று இருவரும் அதைச் சுற்றியே நடக்கிறார்கள். மூன்றாவதில் ஜெயபிரகாஷ் சென்னையிலிருந்து வீடியோவில் பேசுகிறான். கடிகாரம் என்ற சொல்லே கிடையாது. “கொஞ்சம் மேல காட்டு” என்கிறான், அவள் போனை உயர்த்துகிறாள். நான்காவதில் யாமினி பேட்டரியோடு நாற்காலியில் ஏறி, போடாமல் இறங்கிவிடுகிறாள். ஐந்தாவதில் அவன் திரும்பி வருகிறான். வரவேற்பாக இருக்கட்டுமென்று பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரி போட்டு வைத்திருக்கிறார். கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது. அவன் யார் வீட்டுக்கோ வந்துவிட்டவன் போல, பெட்டியைக் கீழே வைக்காமல் நிற்கிறான்.

மிச்சமிருந்தது, ‘அவள் வாழ்க்கையைப் போலவே’ என்று முடியும் அந்தக் கடைசி வரி. அதை அழிக்கத்தான் மனம் வரவில்லை.

“இதையும் எடுத்துட்டா படிக்கிறவங்களுக்குப் புரியாமப் போயிட்டா?”

“எனக்கே புரிஞ்சுது. இதுக்கு மேல யாருக்குப் புரியோணும்?” என்றார் நஞ்சுண்டன்.

ஐந்து இடத்திலும் அழித்தார். ஐந்தாவதை ஒருமுறை திரும்பக் கொண்டுவந்து, மறுபடி அழித்தார்.

ஞாயிறு மதியம் வாஞ்சிநாதன் கூப்பிட்டார்.

“மூணாவதுல கடிகாரத்தைக் காணோமேன்னு பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினேன்மா. அப்புறம்தான், அவன் மேல காட்டச் சொன்னது எதைன்னு உறைச்சுது. அஞ்சையும் போடறேன்.”

கலாவதி பெருமூச்சு விட்டார். “தேங்க்ஸ் அங்கிள். வேற ஏதாவது குறை இருக்கா?”

“இருக்கு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்மேல எனக்கு ரொம்பக் கோவம்.”

“அவர் நல்ல மனுஷன் அங்கிள். உதவிதானே பண்ணாரு?”

“அதனாலதாம்மா திட்டக்கூட முடியல.”